டிராபேக் கட்டங்களை நாமே படித்துப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும் படித்து, கல்யாணமாகி, வீட்டையும் குழு நோட்டையும் பார்த்துக்கொண்டு இருப்பவள். இங்கே பேசச் சொன்னதற்குக் காரணம் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் குழு அக்காதான். பள்ளிபாளையம் பக்கம் எட்டுத் தறி வைத்து, சமையலறையில் கை துடைக்கும் பருத்தித் துண்டு ஓட்டுகிறார்கள். இரண்டு வருஷமாக அவர்கள் பேரிலேயே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காகிதங்களை எல்லாம் சாயங்காலம் உட்கார்ந்து வரிசைப்படுத்தி வைப்பது என் வேலை. அப்படி வைக்கும்போது தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். அதுதான் டூட்டி டிராபேக்.

முதல் சரக்கு போனபோது நடந்ததை அக்காவின் சம்மதத்தோடு சொல்கிறேன். சரக்கு தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் இருந்து போன் வந்தது. "ஏனுங்க, ஸ்கீம் ஏதாவது போடணுமா?" என்று கேட்டார்கள். அக்கா தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சரக்கு போனால் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களும் ஸ்கீம் இல்லை என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாசம் கழித்து, இதே மாதிரி துண்டு அனுப்பும் இன்னொருவர், "உங்களுக்கு டிராபேக் எவ்வளவு வந்தது?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வந்திருக்க வேண்டியது. எட்டுத் தறிக்காரருக்கு அது சின்னப் பணம் இல்லை.

முதலில் அது என்ன பணம் என்று சொல்லிவிடுகிறேன். நாம் ஓட்டும் துண்டில் இருக்கும் சாயம், கெமிக்கல், சில சமயம் பஞ்சு, இதில் ஏதோ ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும். வரும்போது அதற்குச் சுங்க வரி கட்டியிருப்பார்கள். அந்த வரி சாயத்தின் விலையில் ஏறி, நூலின் விலையில் ஏறி, கடைசியில் நம் துண்டின் விலையில் ஒளிந்திருக்கும். நம் ஊர்ச் சரக்கு வெளிநாட்டில் விலை போக வேண்டும் என்றால் அந்த வரியையும் சேர்த்து விற்கக் கூடாது என்று, 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 75-வது பிரிவில் அதைத் திருப்பிக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தறிக்காரரும் சாயத்துக்கு யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று பில் தேட முடியுமா? முடியாது. அதனால் ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் சராசரியாக இத்தனை சதவீதம் என்று அரசே ஒரு அட்டவணை போட்டிருக்கிறது. அந்த அட்டவணைப்படி வாங்கினால் சாய பில் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

இதையும் ஜிஎஸ்டியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிஎஸ்டி திரும்ப வாங்குவது வேறு வழி, வேறு கணக்கு. 2017 அக்டோபர் 1 முதல் டிராபேக் என்பது முக்கியமாகச் சுங்க வரிக்கு உண்டானது மட்டும்தான்.

முதல் சரக்குப் பணம் போனதும் அக்கா என்னிடம், "அந்த டிராபேக் ஃபாரத்தை எடும்மா, இப்பவாவது எழுதிக் கொடுப்போம்" என்றார்கள். நானும் அப்படி ஒரு ஃபாரம் தனியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது: "தனியா ஃபாரம் இல்லைக்கா. ஷிப்பிங் பில்தான் ஃபாரம்." கப்பலில் போகும் சரக்குக்கு நாம் கம்ப்யூட்டர் வழியாகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லிலேயே டிராபேக் கேட்கும் கட்டங்களும் இருக்கின்றன. சரக்கை ஏற்றலாம் என்று சுங்க அதிகாரி உத்தரவு கொடுக்கும் தேதியில், நாம் டிராபேக் கேட்டு மனுக் கொடுத்ததாக அதுவே ஆகிவிடும்.

இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. தனியாக அலைய வேண்டாம் என்பது நல்லது. சரக்கு போவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்க வேண்டும் என்பது கஷ்டம். பிறகு எழுதிக் கேட்பதற்கு விதியில் ஒரு சின்ன வாசல்தான் இருக்கிறது. நம் கையில் இல்லாத காரணத்தால் எழுத முடியாமல் போனது என்று சுங்க ஆணையர் ஒப்புக்கொண்டால் விலக்குக் கொடுக்கலாம். "தெரியாமல் விட்டுவிட்டேன்" என்பது நம் கையில் இல்லாத காரணம் ஆகாது. அக்காவின் முதல் சரக்குப் பணம் அதனால்தான் போயே போனது.

இரண்டாவது சரக்குக்கு நாங்கள் விழித்துக்கொண்டோம். ஏஜெண்ட் ஆபீஸில் ஷிப்பிங் பில்லை அனுப்புவதற்கு முன்னால் ‘செக் லிஸ்ட்' என்று ஒரு நகல் எடுத்து நமக்கு அனுப்புவார்கள். "சரி" என்று நாம் சொன்ன பிறகுதான் அதை உள்ளே ஏற்றுவார்கள். நிறையப் பேர் போனில் வந்ததைத் திறக்காமலேயே "ஓகே" போட்டுவிடுகிறோம். தட்டச்சு செய்வது அவர்கள். ஆனால் அதில் இருப்பது அத்தனையும் ஏற்றுமதி செய்பவர் சொன்னதாகத்தான் கணக்கு. தப்பு இருந்தால் நோட்டீஸ் நம் பேருக்குத்தான் வரும். அந்த செக் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் நானும் அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தோம். அதே வரிசையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஸ்கீம் கோடு. சரக்கின் விவரம் எழுதும் பக்கத்தில், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். 00 என்று இருந்தால் ‘எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்' என்று நாமே எழுதிக்கொடுத்ததாக அர்த்தம். அக்காவின் முதல் பில்லில் இருந்தது அதுதான். டிராபேக் மட்டும் கேட்டால் 19. துணியில் தைத்த பொருள்கள், துண்டு, பெட்ஷீட் போன்றவற்றுக்கு டிராபேக்கோடு கூட ஆர்ஓஎஸ்சிடிஎல் என்று மாநில, மத்திய வரிகளுக்கு உண்டான இன்னொரு சலுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்க 60. அந்த இரண்டாவது சலுகை ரொக்கமாக வராது, ஸ்கிரிப்பாக வரும். அந்தத் திட்டத்தைக் காலம் குறித்துத்தான் நீட்டிப்பார்கள். அதனால் சரக்கு போகும் சமயத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டுக்கொண்டு 60 போடுவதா 19 போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். 00 மட்டும் கூடாது. இந்த இரண்டு இலக்கம் தப்பானால், இனி நான் சொல்லப்போகும் கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருக்கும்.

கோடு சரியாக இருந்தால், பின்னால் வரும் பக்கத்தில் டிராபேக்குக்கு என்று ஒரு வரிசை வரும். அதில் நாம் பார்க்க வேண்டியது ஐந்து கட்டம்: DBK SNO, QTY/WT, VALUE, RATE, DBK AMT. கடைசி இரண்டும் முதல் மூன்றைப் பொறுத்துத் தானாக வருபவை. அதனால் முதல் மூன்றைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

DBK SNO என்பது டிராபேக் அட்டவணையில் நம் சரக்கின் எண். இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். இன்வாய்ஸில் எட்டு இலக்கத்தில் எச்எஸ்என் எண் இருக்கிறது அல்லவா, அதில் முதல் ஆறை எடுத்துப் போட்டால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லைங்க. இரண்டு அட்டவணையும் முதல் நான்கு இலக்கம் வரைக்கும்தான் ஒன்றாகப் போகும். துண்டு, பெட்ஷீட், மேஜை விரிப்பு எல்லாம் இரண்டிலும் 6302 என்ற தலைப்பின் கீழ்தான் வரும். அதற்குப் பிறகு வரும் இரண்டு இலக்கத்தை டிராபேக் அட்டவணை தன் வசதிக்குத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பருத்திக்கு ஒரு எண், கலப்புக்கு ஒரு எண், இப்படி. எச்எஸ்என் எண்ணை வெட்டிப் போட்டால் ஒன்று கம்ப்யூட்டர் ஏற்காது, இல்லையென்றால் வேறு ஏதோ சரக்கின் எண்ணாகப் போய் நிற்கும்.

அந்த அட்டவணை மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. போனிலேயே திறக்கலாம். ஐந்து பத்திகள்: எண், சரக்கின் விவரம், அளவை, சதவீதம், உச்சவரம்பு. 2023 அக்டோபர் 30 முதல் ஒரு புது அட்டவணை நடப்புக்கு வந்தது; நடுவிலும் திருத்தம் வரும். சரக்கை ஏற்ற உத்தரவு ஆகும் தேதியில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறதோ அதுதான் நமக்கு. போன வருஷம் வந்த தொகைதான் இந்த வருஷமும் வரும் என்று நினைக்கக் கூடாது.

எண்ணைப் பிடித்தவுடன் பக்கத்தில் இருக்கும் சரக்கின் விவரத்தையும் படிக்க வேண்டும். அக்காவின் துண்டு முழுப் பருத்தி. ஆனால் ஓரத்தில் கோடு போட பாலியெஸ்டர் நூல் கொஞ்சம் சேர்த்து ஓட்டிய துண்டும் ஒரு பெட்டியில் இருந்தது. அதை இன்வாய்ஸில் தனி ஐட்டமாக எழுதச் சொன்னோம். துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப சுங்கத்துறைக்கு உரிமை உண்டு. காகிதத்தில் பருத்தி, சோதனையில் கலப்பு என்று வந்தால் பணம் நிற்கும், அதற்கு மேல் வழக்கும் வரும். கணக்கு சிக்கலாக வேண்டாம் என்று கடைசியில் அந்தப் பெட்டியையே எடுத்து வைத்துவிட்டு, பருத்தித் துண்டு மட்டும் அனுப்பினோம்.

அடுத்தது QTY/WT. பேர் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் எங்களுக்குப் பிடிபட்ட பெரிய தப்பு இதில்தான் இருந்தது. நாம் துண்டை எண்ணி விற்கிறோம். இன்வாய்ஸில் 28,000 துண்டு என்றுதான் இருக்கும். ஆனால் அட்டவணையில் அளவை என்ற பத்தியில் கிலோ என்று இருந்தால், இந்தக் கட்டத்தில் கிலோதான் எழுத வேண்டும். அதுவும் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கவர் இல்லாமல் துண்டின் எடை மட்டும்.

அக்காவின் சரக்கு 140 பெட்டி, பெட்டிக்கு 200 துண்டு. ஒரு துண்டு 50 கிராம். அப்படியானால் ஒரு பெட்டியில் துண்டு மட்டும் 10 கிலோ, 140 பெட்டிக்கு 1,400 கிலோ. பெட்டியோடு எடை போட்டால் ஒன்று 11 கிலோ, மொத்தம் 1,540. செக் லிஸ்ட்டில் இந்தக் கட்டத்தில் 1,540 இருந்தது. பேக்கிங் லிஸ்ட்டில் இருந்த இரண்டு எடையில் பெரியதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். இதனால் என்ன ஆகும் என்பது கணக்குப் போடும்போது தெரியும்.

மூன்றாவது VALUE. இது எஃப்ஓபி மதிப்பு. நம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி வைக்கும் வரைக்கும் ஆன விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் சில சமயம் கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து விலை கேட்பார். அதற்கு சிஐஎஃப் என்று பேர். இன்வாய்ஸ் அப்படி இருந்தால், ஷிப்பிங் பில்லில் இன்வாய்ஸ் விவரம் வரும் இடத்தில் வாடகையையும் இன்சூரன்ஸையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அதைக் கழித்த பிறகு நிற்பதுதான் எஃப்ஓபி. காட்டாமல் விட்டால் மொத்தத் தொகையும் எஃப்ஓபி ஆகிவிடும். கப்பல் கம்பெனிக்குப் போகும் பணத்துக்கும் சேர்த்து நாம் டிராபேக் கேட்டதாக ஆகும். டாலரை ரூபாயாக்குவதும் வங்கி கொடுக்கும் விலையில் இல்லை. சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதம் ஒன்று இருக்கிறது, அதில்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சதவீதமும் டாலர் விலையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், புரிவதற்கு மட்டும் சுலபமான எண்களை வைத்துக்கொள்கிறேன். விகிதம் 2 சதவீதம், உச்சவரம்பு கிலோவுக்கு 10 ரூபாய், டாலர் 85 ரூபாய் என்று வைப்போம். உங்கள் சரக்குக்கு அட்டவணையைப் பார்த்து நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்வாய்ஸ் சிஐஎஃப் 9,650 டாலர். இதில் கப்பல் வாடகை 600, இன்சூரன்ஸ் 50. கழித்தால் எஃப்ஓபி 9,000 டாலர். ரூபாயில் 7,65,000. இதற்கு 2 சதவீதம் 15,300 ரூபாய். அவ்வளவும் வந்துவிடும் என்று சந்தோஷப்படக் கூடாது. உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். 1,400 கிலோவுக்கு கிலோ 10 ரூபாய் வீதம் 14,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆகவே DBK AMT என்ற கட்டத்தில் 14,000 வர வேண்டும்.

செக் லிஸ்ட்டில் இருந்தது போல 1,540 கிலோ என்று போயிருந்தால்? உச்சவரம்பு 15,400 ஆகிவிடும். சதவீதக் கணக்கு 15,300 அதைவிடக் குறைவு என்பதால் 15,300 வந்துவிடும். 1,300 ரூபாய் கூடுதல். அக்கா அப்போது, "கூட வந்தா வரட்டுமே கண்ணு, கவர்மெண்ட்டுப் பணம்தானே" என்று சிரித்தார்கள். கூடுதலாக வந்தது நமக்குச் சொந்தமில்லைங்க. தணிக்கையில் கண்டுபிடித்தால் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதைவிட, எடையைத் தப்பாகச் சொன்னவர் என்று பேர் வாங்கினால் அடுத்த சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள். அந்தத் தாமதத்தில் போகும் பணம் 1,300-ஐ விட அதிகம்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். 1,400-இல் ஒரு சைபர் விட்டு 140 என்று அடித்துவிட்டால் உச்சவரம்பு 1,400 ரூபாய். 14,000 வர வேண்டிய இடத்தில் 1,400 வரும், கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்காது. அதனால்தான் சொல்கிறேன், செக் லிஸ்ட் வருவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். DBK AMT கட்டத்தில் இருக்கும் தொகையும் உங்கள் தாளில் இருக்கும் தொகையும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் மேலே சொன்ன மூன்று கட்டத்தில் ஏதோ ஒன்று தப்பு.

வாடகையைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் அக்கா கேட்டார்கள். 9,650 டாலருக்கு 8,20,250 ரூபாய், அதற்கு 2 சதவீதம் 16,405. எங்கள் கணக்கில் உச்சவரம்பு 14,000-இல் நிறுத்திவிடும் என்பதால் தொகை மாறாது. ஆனால் சொன்ன மதிப்பு தப்பு தப்புதான். உச்சவரம்பு இல்லாத சரக்கும் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு இப்படி நடந்தால் 1,105 ரூபாய் கூடுதலாக வாங்கினதாக ஆகும்.

இனி வங்கிக் கணக்கு. இது ஒவ்வொரு பில்லிலும் எழுதுவது இல்லை, ICEGATE என்ற சுங்கத்துறை தளத்தில் நாம் பதிவு செய்து வைத்திருப்பது. ஏற்றுமதி ஆரம்பிக்கும்போது வங்கியில் 14 இலக்க ஏடி கோடு வாங்கிப் பதிவு செய்திருப்பீர்கள். டிராபேக் பணம் விழும் கணக்கும் அங்கே இருக்கும். 2024 ஜூன் 5 முதல் இந்தப் பணம் பிஎஃப்எம்எஸ் வழியாக நேராக நம் கணக்குக்கே வருகிறது. வங்கிகள் இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ, கணக்கை மூடிவிட்டு வேறு திறந்திருந்தாலோ, அங்கேயும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பணம் வந்து சேராது.

எல்லாம் சரியாக எழுதி, கப்பலும் கிளம்பிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு மூன்று வாரமாகப் பணம் வரவில்லை. மறுபடியும் போய்விட்டதோ என்று முகமே வாடிவிட்டது. ICEGATE-இல் ஷிப்பிங் பில் எண்ணைப் போட்டு நிலவரம் பார்த்தோம். இஜிஎம் தப்பு என்று இருந்தது. இஜிஎம் என்பது கப்பலில் இன்னின்ன சரக்கு ஏறிப் போய்விட்டது என்று கப்பல் கம்பெனி சுங்கத்துறைக்குக் கொடுக்கும் பட்டியல். அது வந்து, நம் பில்லோடு பொருந்தினால்தான் டிராபேக் வரிசை நகரும். நம் பில்லில் 140 பெட்டி, அவர்கள் பட்டியலில் 104 பெட்டி. இரண்டு எண் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஏஜெண்டிடம் சொல்லி, கப்பல் கம்பெனி மூலமாகத் திருத்த வைத்தோம். அதற்குப் பிறகு சில நாளில் பணம் விழுந்தது. சரக்கு போய் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் ஆனால் சும்மா காத்திருக்காமல் இந்த நிலவரத்தைப் பாருங்கள். அதிகாரி ஏதாவது கேள்வி கேட்டிருந்தாலும் அங்கேதான் தெரியும். நாம் பதில் சொல்லும் வரைக்கும் அது அப்படியே கிடக்கும்.

பணம் கையில் விழுந்தால் கதை முடிந்ததா? இன்னும் ஒன்று இருக்கிறது. வாங்கியவர் வெளிநாட்டில் இருந்து நமக்குப் பணம் அனுப்பி முடிக்க வேண்டும். டிராபேக்கை முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி சொல்லும் கெடுவுக்குள் சரக்கின் பணம் வரவில்லை என்றால், வாங்கிய டிராபேக்கை வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். பத்தில் ஒரு பங்கு பணம் வரவில்லை என்றால் டிராபேக்கிலும் பத்தில் ஒரு பங்கு. எங்கள் கணக்கில் அது 1,400 ரூபாய். அதனால் பணம் வந்ததற்கு வங்கி கொடுக்கும் சான்றை அந்தந்த ஷிப்பிங் பில்லோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வைக்கிறேன். நோட்டீஸ் வந்தால் தேட வேண்டாம்.

இங்கே இருக்கும் பலர் நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை, கரூர், ஈரோடு வியாபாரிகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதியாளர் என்று யார் பேர் இருக்கிறதோ பொதுவாக அவருக்குத்தான் டிராபேக் போகும், ஓட்டிய தறிக்காரருக்குப் போகாது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அலைச்சலும் ஆபத்தும் அவர் ஏற்கிறார். ஆனால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் அவருக்குத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொண்டு விலை பேசுவதற்கும், தெரியாமல் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அட்டவணை எல்லோரும் பார்க்கக்கூடிய காகிதம்தான்.

அக்கா இப்போது மூன்றாவது சரக்கு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். போன வாரம் ஏஜெண்ட் ஆபீஸில் இருந்து போன் வந்தது. "ஸ்கீம் என்ன போடட்டுங்க?" என்று கேட்டார்கள். அக்கா தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்று, "செக் லிஸ்ட் அனுப்புங்க, எடை நான் எழுதி வச்சிருக்கிறேன், பார்த்துட்டுத்தான் ஓகே சொல்லுவேன்" என்றார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் இதை இங்கே வந்து பேசலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் ஷிப்பிங் பில் நகலோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.